வீட்டிலேயே எடிட் செய்பவருக்கு லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

எடிட்டிங் கணினிகளை அமைப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வீட்டை விட்டு அதிகம் நகராமல் எடிட் செய்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "எக்ஸ்போர்ட் ஆரம்பத்தில் வேகமாகப் போகிறது, கொஞ்ச நேரத்தில் நத்தை மாதிரி ஆகிவிடுகிறது." சாஃப்ட்வேரை அழித்து மறுபடி போட்டும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் கோளாறு சாஃப்ட்வேரில் இருக்காது. சூட்டில் இருக்கும்.

ஒரு எடிட்டரின் லேப்டாப்பைச் சொல்கிறேன். நீளமான பேட்டிகளை 4கே-யில் எடிட் செய்பவர். கலர் கரெக்‌ஷனோடு நாய்ஸ் ரிடக்‌ஷனும் போடுவார். RTX 4070 கிராபிக்ஸ் உள்ள லேப்டாப், வாங்கி அதிக நாள் ஆகவில்லை. எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டுப் பக்கத்திலேயே, சிப்பின் சூட்டையும் மின்சார அளவையும் காட்டும் HWiNFO என்ற சாஃப்ட்வேரைத் திறந்து வைத்தேன். தொடக்கத்தில் வேகம் நொடிக்கு 38 ஃபிரேம், கிராபிக்ஸ் சிப் எடுத்த மின்சாரம் 110 வாட் அளவு. கால் மணி நேரம் போனதும் அது 70 வாட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது, ஃபிரேம் 24-க்கு இறங்கியது. `Performance Limit - Thermal` என்ற வரியில் `Yes` என்று வந்துவிட்டது. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்று இதற்கு அர்த்தம்.

பல லேப்டாப்களில் புராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் வெப்பத்தை வெளியேற்ற ஒரே குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. எடிட்டிங்கில் இரண்டும் சேர்ந்து உழைப்பதால் ஒன்றின் சூடு மற்றதையும் பாதிக்கிறது. சில நிமிட வேலையில் இது தெரியாது, மணிக்கணக்கில் ஓடும் எக்ஸ்போர்ட்டில்தான் தெரியும். டெஸ்க்டாப்பில் இரண்டுக்கும் தனித்தனி கூலர், தனித்தனி ஃபேன். பெட்டிக்குள் காற்றோட்டம் சரியாக இருந்தால் முதல் நிமிடத்தில் கிடைத்த வேகம் கடைசி வரை அப்படியே இருக்கும்.

வாங்கும்போது ஏமாற வைப்பது கார்டின் பெயர். லேப்டாப் RTX 4070-உம் டெஸ்க்டாப் RTX 4070-உம் ஒரே சிப் இல்லை. டெஸ்க்டாப் கார்டில் 5888 கோர், 12 ஜிபி கிராபிக்ஸ் மெமரி, 200 வாட். லேப்டாப்பில் 4608 கோர், 8 ஜிபி. வாட் அளவை லேப்டாப் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார், சுமார் 115-க்குள். ஒரே பெயர் போட்ட இரண்டு லேப்டாப்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதற்கும் இதுதான் காரணம். எனக்கு அதிகம் உறுத்துவது மெமரிதான். 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டதும் 8 ஜிபி நிரம்பிவிட்டால் எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுபோகும். லேப்டாப்பில் அதைக் கூட்ட வழியே கிடையாது, டெஸ்க்டாப்பில் கார்டை மட்டும் மாற்றினால் போதும்.

ஆப்பிளின் எம் வரிசை லேப்டாப்கள் இந்தக் கணக்கில் அடங்காது. குறைந்த மின்சாரத்தில் வேலை செய்வதால், ஃபேன் உள்ள மேக்புக் ப்ரோவில் இந்தச் சரிவு மிகக் குறைவு. ஃபேன் இல்லாத மேக்புக் ஏர் நீண்ட எக்ஸ்போர்ட்டில் வேகம் குறையத்தான் செய்யும்.

டெஸ்க்டாப் கட்டும்போதும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். இன்டெல் புராசஸரின் பெயர் F என்று முடிந்தால் அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் மலிவு என்று அதை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பல கேமராக்கள் பதிவு செய்யும் 10-பிட் 4:2:2 ஹெச்.265 ஃபைல்களை சிரமமில்லாமல் ஓட்டுவது அந்த உள் கிராபிக்ஸ்தான். என்விடியா கார்டுகளில் RTX 50 வரிசைக்குத்தான் இந்தத் திறன் வந்தது. இரண்டும் இல்லாவிட்டால் விலை உயர்ந்த டெஸ்க்டாப்பிலும் டைம்லைன் திக்கித் திக்கித்தான் ஓடும். அப்புறம் எல்லா ஃபைலுக்கும் பிராக்ஸி என்ற லேசான நகலைப் போட்டு எடிட் செய்ய வேண்டியதாகிவிடும்.

ஏற்கெனவே லேப்டாப் இருக்கிறதா? உங்கள் வழக்கமான எஃபெக்ட்களோடு பத்து நிமிடப் பகுதி ஒன்றை டைம்லைனில் ஆறு முறை அடுத்தடுத்து வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஆறும் ஒரே காட்சி என்பதால் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் பகுதியில் காட்டிய ஃபிரேம் எண்ணிக்கை கடைசியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் சூடு தடுக்கிறது. காற்று வழியில் அடைந்த தூசியை எடுத்துவிட்டு, பின்பக்கத்தை உயர்த்தி வைத்து மறுபடி பாருங்கள். நான் சொன்ன லேப்டாப்பில் இதனால் 24 ஃபிரேம் 28 ஆனது, அதற்கு மேல் ஏறவில்லை. அவர் டெஸ்க்டாப்புக்கு மாறினார்.

மின்தடைக்கு லேப்டாப்தான் நல்லது என்பார்கள். ஃபைலை சேவ் செய்யும் அளவுக்கு அது சரி. ஆனால் பேட்டரிக்கு மாறியதும் பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்கள் கிராபிக்ஸ் வேகத்தைப் பெருமளவு வெட்டிவிடும். டெஸ்க்டாப்புக்கு ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். வாங்கும்போது விஏ எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைப் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்டைத்தான் தாங்கும். முழு வேகத்தில் ஓடும் எடிட்டிங் டெஸ்க்டாப், மானிட்டரோடு சேர்த்து, அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.