வினைமுற்றை வெட்டினால் பொருள் போய்விடும்: நேர்காணல் எடிட்டிங்கில் கவனிக்க வேண்டியவை

சிங்கப்பூரில் தமிழ் ஆவணப்படங்களுக்கும் வானொலித் தொகுப்புகளுக்கும் நேர்காணல்களை வெட்டிச் சுருக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஒருவர் இரண்டு நிமிடம் பேசியதை நாற்பது விநாடிக்குள் கொண்டுவருவது அன்றாட வேலைதான். ஆனால் தமிழில் பேசியவரின் பதிலைச் சுருக்கும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் தவறு திரும்பத் திரும்ப நேர்கிறது. அந்த இடம் வாக்கியத்தின் கடைசிச் சொல்.

தமிழில் ஒருவர் ஒரு கருத்தை முழுவதுமாகச் சொல்லி முடித்த பிறகுதான், அது தம்முடைய கருத்தா, பிறர் சொன்னதா, தாம் மறுக்கும் கருத்தா என்பது தெரியவரும். ‘என்று சொல்வார்கள்’, ‘என்று நினைத்தேன்’, ‘என்று சொல்லமாட்டேன்’ என எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் வந்து சேர்கின்றன. பேச்சுத் தமிழில் இந்த வால் இன்னும் குறுகிப் போகிறது. ‘நினைச்சேன்’ என்பதற்கும் ‘நினைக்கல’ என்பதற்கும் இடையில் எதிர்மறையைச் சுமப்பது வாய்க்குள் மெல்ல அடங்கும் ஓர் ஒலிதான். ‘போயிட்டாங்களாம்’ என்பதன் இறுதியில் உள்ள ‘ஆம்’ மங்கிப்போனால், கேள்விப்பட்ட செய்தி கண்ணால் பார்த்த செய்தியாகிவிடும்.

சில மாதங்களுக்கு முன் என் மேசைக்கு வந்த ஒரு பதிலை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பேசியவர் எழுபதைக் கடந்த ஒரு பெரியவர். தந்தை செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். குடும்பம் அருகிலிருந்த கம்பத்தில், அதாவது பழைய கிராமக் குடியிருப்பில் வாழ்ந்து, 1980களில் ஈசூனில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டுக்கு மாறியது. “கம்பத்த விட்டு வந்தது உங்களுக்கு வருத்தமா இருந்துச்சா, ஐயா?” என்று கேட்டபோது அவர் ஏறத்தாழ இரண்டு நிமிடம் பேசினார். இடையில் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை விட்டுவிட்டால் அவர் பதில் இதுதான்:

“வருத்தமா… (நான்கு விநாடி அமைதி) கம்பத்துல இருந்தப்ப கதவச் சாத்துனதே கிடையாது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சமைச்சா நம்ம வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வரும். அந்த வாழ்க்கதான் வாழ்க்க, இங்க வந்ததுல எல்லாம் போச்சுன்னு என் வயசுக்காரங்க நிறைய பேரு சொல்லுவாங்க. நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆனா எங்க அம்மாவக் கேட்டா வேற சொல்வாங்க. பொதுக் குழாயில வரிசையில நிக்கணும். மழ பெஞ்சா வாசல் வரைக்கும் தண்ணி. ராத்திரி கக்கூசுக்குப் போக விளக்க எடுத்துக்கிட்டு நடக்கணும். புது வீட்டுல குழாயத் திறந்த அன்னிக்கு அவங்க அழுதாங்க. அதனால எல்லாம் போச்சுன்னு நான் சொல்லமாட்டேன். அந்தக் கிண்ணம் மட்டும் இப்ப வர்றதில்ல, அது உண்மதான்.”

முதல் வெட்டைச் செய்தவர் திறமையான இளைஞர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தார். நம் ஊரில் இது சாதாரணம். அவர் அனுப்பிய 25 விநாடித் துண்டில் கதவு, கிண்ணம், பிறகு “அந்த வாழ்க்கதான் வாழ்க்க, இங்க வந்ததுல எல்லாம் போச்சு” என்பது வரை இருந்தன. ‘போச்சு’ என்ற இடத்தில் வெட்டி, சோகமான இசையை ஏற்றி, இறுதியில் “அந்தக் கிண்ணம் மட்டும் இப்ப வர்றதில்ல” என்று முடித்திருந்தார்.

இதில் அவர் பொய்யாக எதையும் சேர்க்கவில்லை. எப்படி நடந்தது என்று உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. ஆங்கிலத்தில் ‘என் வயதுக்காரர்கள் பலர் சொல்வார்கள்’ என்ற பகுதி வாக்கியத்தின் தலையில் வருகிறது. ஆகவே அந்த ஆங்கில வரி, தமிழில் “அந்த வாழ்க்கதான் வாழ்க்க” என்று ஒலிக்கும் இடத்திலேயே சப்டைட்டிலாகத் திரையில் வந்துவிடுகிறது. ‘எல்லாம் போயிற்று’ என்ற அடுத்த ஆங்கில வரி திரையில் நிற்கும்போது பெரியவர் தமிழில் “என் வயசுக்காரங்க நிறைய பேரு சொல்லுவாங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தைப் படித்து வெட்டுபவருக்கு அந்த வால் ஏற்கெனவே சொல்லப்பட்டதன் மிச்சமாகவே தெரியும். விளைவாக, சப்டைட்டிலைப் படிப்பவர்களுக்கு ‘பலர் இப்படிச் சொல்வார்கள்’ என்ற சரியான பொருளும், காதால் கேட்கும் தமிழர்களுக்கு ‘எல்லாம் போச்சு’ என்ற தலைகீழான பொருளும் ஒரே படத்தில் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெரியவரின் உறவினர்கள் அனைவரும் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது எனக்கு மிகவும் உறுத்தியது.

இன்னொரு காரணமும் உண்டு. வயதானவர்கள் வாக்கியத்தை முடிக்கும்போது மூச்சு குறைந்து குரல் தாழ்ந்துவிடும். எடிட்டிங் திரையில் ஒலி அலையைப் பார்த்தால் ‘போச்சு’ என்பது உயர்ந்து நிற்கும். அதன் பின் வரும் ‘ன்னு’ ஒரு சிறு புடைப்பாக, மூச்சுச் சத்தம் போலத் தெரியும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் அது மூன்று நான்கு ஃபிரேம்தான். கண்ணை நம்பி வெட்டுபவர் அதைத் தாராளமாக நறுக்கிவிடுவார், தமிழ் தெரிந்தவராக இருந்தாலும்.

இதனால் நான் தமிழ்ப் பதிலைச் சுருக்கும்போது வாலிலிருந்து தலைக்குப் போகிறேன். முதலில் ஒலியை முழுவதும் கேட்டு, பேச்சு வழக்கிலேயே எழுத்தாக்கி, ஒவ்வொரு வாக்கியத்தின் வினைமுற்றையும் அடிக்கோடிடுகிறேன். ‘சொல்லுவாங்க’, ‘சொல்லிக்கிட்டு இருந்தேன்’, ‘சொல்லமாட்டேன்’ என்ற மூன்றையும் வரிசையாகப் படித்தாலே இந்தப் பெரியவரின் மனம் நகர்ந்த வழி தெரிந்துவிடுகிறது. பிறகு, எதையும் வெட்டுவதற்கு முன், அவர் சொன்னதை ஒரே வாக்கியத்தில் எழுதிவைக்கிறேன். இவருக்கு நான் எழுதியது: ‘பழைய நெருக்கம் குறைந்தது உண்மை, ஆனால் அம்மா பட்ட பாட்டை நினைத்தால் எல்லாம் போயிற்று என்று சொல்லமாட்டார்.’ இந்த வாக்கியத்தைத் தாங்குபவை இருக்க வேண்டும், மற்றவை போகலாம்.

கதவு போனது, கிண்ணமே அந்த நெருக்கத்தைச் சொல்லிவிடுகிறது. மழைத் தண்ணீரையும் விளக்கையும் எடுத்தேன். பொதுக் குழாய் வரிசை இருந்தால்தான் புது வீட்டுக் குழாயைத் திறந்து அழுதது விளங்கும் என்பதால் அதை மட்டும் வைத்தேன். “நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்பதில்தான் நீண்ட நேரம் தயங்கினேன். அதை எடுத்தால் மூன்று விநாடி மிச்சம். ஆனால் அது இல்லாவிட்டால் அவர் மற்றவர்களைத் திருத்த வந்தவர் போல் ஒலிக்கிறார். தாமும் அப்படி நினைத்து மாறியவர் என்ற பணிவு போய்விடுகிறது. வைத்துக்கொண்டேன்.

சுருக்கும்போது சுட்டுச் சொற்களையும் கவனிக்க வேண்டும். நேரம் போதவில்லை என்று “எங்க அம்மாவக் கேட்டா” என்ற வாக்கியத்தை எடுத்துப் பார்த்தேன். உடனே “புது வீட்டுல குழாயத் திறந்த அன்னிக்கு அவங்க அழுதாங்க” என்பதில் உள்ள ‘அவங்க’ பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவைச் சுட்ட ஆரம்பித்தது. அதுபோலவே ‘அதனால’ என்பது அம்மாவின் கஷ்டத்துக்குப் பின்னால் வந்தால்தான் காரணம் சரியாக நிற்கும். வெட்டி இணைத்த இடத்துக்கு அடுத்துவரும் ‘அது’, ‘அவங்க’, ‘அதனால’, ‘அப்படி’ ஆகியவை இப்போது எதைக் காட்டுகின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பேன். முகத்தின் மேல் பழைய புகைப்படங்களைப் போட்டு வெட்டுகளை மறைத்துவிட்டால் பார்ப்பவருக்கு ஒட்டு தெரியாது என்பதால், இந்தச் சோதனையைச் செய்யவேண்டிய பொறுப்பு நம்முடையதே.

தொடக்கத்தில் இருந்த நான்கு விநாடி அமைதியும் பதிலின் ஒரு பகுதிதான். கேள்வி வருத்தத்தைப் பற்றியது. அவர் ‘ஆமாம்’ என்று சொல்லவில்லை, யோசித்தார். அமைதியை முழுதும் எடுத்தால், ‘வருத்தமா’ என்று அவர் யோசனையோடு திருப்பிக் கேட்டது ஒப்புதலாக ஒலிக்கிறது. இரண்டு விநாடியாகக் குறைத்தேன். ‘வந்து’, ‘இந்த’ போன்ற தடுமாற்றச் சொற்களை எடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ‘எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்’, ‘ஒருவேள’ என்பவற்றைத் தடுமாற்றம் என்று எண்ணி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை பேசுபவர் தம் கூற்றுக்குத் தாமே போட்ட எல்லைகள், எடுக்கக்கூடாது.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பதிவுசெய்துவரும் நேர்காணல்களைப் போல, பேசியது முழுவதையும் அப்படியே வைத்திருக்கும் வசதி நமக்கு இல்லை. நிகழ்ச்சிக்கு நேரம் உண்டு. சில பதில்கள் எவ்வளவு முயன்றாலும் அந்த நேரத்துக்குள் உண்மையாக அடங்காது. அப்போது, பின்னணிக் குரலில் ‘பலர் சொல்வதை இவர் முழுவதும் ஏற்கவில்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லி, அவர் குரலில் ஒரு முழு வாக்கியத்தை மட்டும் வைக்கலாம். அல்லது அந்தப் பதிலையே விட்டுவிடலாம். பின்னணிக் குரலும் ஒரு சுருக்கம்தான் என்பதை மறக்கக்கூடாது. இந்தப் படத்தின் முதல் எழுத்துப்பிரதியில் ‘வருத்தத்தோடு நினைவுகூர்கிறார்’ என்று இருந்தது. ‘வருத்தத்தோடு’ என்பதை எடுக்கச் சொன்னேன்.

வெட்டி முடித்த பின், மூலப் பதிவைக் கேட்டிராத ஒரு தமிழரை உட்காரவைத்து, திரையை அணைத்து, ஒலியை மட்டும் ஒருமுறை கேட்கச் சொல்வேன். திரை இருந்தால் சப்டைட்டில் உதவிக்கு வந்துவிடும். அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பார்க்கும் அக்கா ஒருவரிடம் முதல் வெட்டைக் கொடுத்தபோது, “வீடு மாறினது பிடிக்கலபோல இருக்கு, பாவம்” என்றார். இரண்டாம் வெட்டைக் கேட்டவர் வேறொருவர். ஒருமுறை கேட்டவரைத் திரும்ப வைத்துக்கொள்வதில் பயனில்லை. அவர் சொன்னது: “கம்பத்து நாள நினைச்சுக்கிறாரு, ஆனா அம்மாவுக்கு இது வசதின்னு சொல்றாரு.” நான் முதலில் எழுதிவைத்த வாக்கியத்துக்கு அது போதுமான அளவு நெருங்கியிருந்தது.

நாற்பது விநாடிக்குள் அடங்க வேண்டிய இறுதி வெட்டு 46 விநாடி வந்தது. தயாரிப்பாளரிடம் பேசி, அடுத்த காட்சிக்கு முன் இருந்த இசையிலிருந்து அந்தக் கூடுதல் ஆறு விநாடியை வாங்கிக்கொண்டேன். ‘சொல்லமாட்டேன்’ என்பதில் ‘மாட்டேன்’ வழக்கம்போல் தாழ்ந்து ஒலித்ததால் அந்தச் சொல்லுக்கு மட்டும் மூன்று டெசிபெல் கூட்டினேன். “அது உண்மதான்” என்று முடித்து அவர் வாயை மூடி அரை விநாடி கழிந்த பிறகே இசை வருமாறு வைத்தேன்.