அசெப்டிக்குக்குத் தமிழ் 'கிருமியழிப்பு' ஆகாது

இந்தத் தவணையில் மட்டும் நாலாவது தடவை. செய்முறைக் கைநூலின் முதல் பக்கத்திலேயே 'கிருமியழிப்பு நுட்பம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அசெப்டிக் டெக்னிக்குக்கு அதுதான் தமிழாம். சொல் பிழைத்தால் கையும் பிழைக்கும் என்பதை அன்று பின்னேரமே பார்த்தேன்.

முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி. கிருமியைத் தொட்டெடுத்து மாற்றும் கம்பியான லூப்பை பன்சன் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அதே சூட்டோடு வளர்ப்புக் குழாய்க்குள் விட்டாள். 'உஸ்' என்று சத்தம், ஒரு சின்னப் புகை. ஏன் ஆறவிடவில்லை என்று கேட்டேன். "அழிக்கத்தானே மிஸ் சொல்லியிருக்கு" என்றாள். அவளில் பிழையில்லை. அவள் தமிழைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'செப்டிகோஸ்' என்றால் அழுகச் செய்வது, முன்னால் வரும் 'அ' இன்மையைச் சொல்வது. நமது அநீதி, அசுத்தம் போல. நேரே பெயர்த்தால் 'அழுகலற்ற'. அது மரக்கறிக் கடைப் பலகைக்குப் பொருந்தும், ஆய்வுகூடத்துக்கு ஆகாது. 1867இல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் லிஸ்டர் காபோலிக் அமிலத்தால் காயத்தின் கிருமியைக் கொன்றாரே, அது அன்டிசெப்டிக்: வந்ததைக் கொல்வது. அசெப்டிக் அதற்குப் பின்னர் வந்த எண்ணம்: வரவே விடாதே.

இந்த இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதுதான் எங்கள் மொழிபெயர்ப்பாளர்களின் வேலையாகிவிட்டது. அழுத்த நீராவியால் சூடேற்றும் ஓட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம் வைப்பதும் கிருமியழிப்பு, மேசையை ஸ்பிரிட்டால் துடைப்பதும் கிருமியழிப்பு, அசெப்டிக்கும் கிருமியழிப்பு. முதலாவதுக்கு அந்தச் சொல் சரி. இரண்டாவதுக்குத் தொற்றுநீக்கல் என்று நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. மூன்றாவதில்தான் முழுப் பிழை. ஏனென்றால் குழாய்க்குள் இருப்பதும் கிருமிதான், அதை உயிரோடு இடம் மாற்றத்தான் இவ்வளவு பாடும்.

கிண்ணியாவில் தயிர் போடுகிறவர்களுக்கு இது விளங்கும். பாலைக் காய்ச்சுவார்கள், ஆறவிடுவார்கள், பிறகுதான் உறை விடுவார்கள், சட்டியை மூடிவைப்பார்கள். கொதிபாலில் உறை விட்டால் தயிர் ஏது? காய்ச்சுவது மட்டும்தான் கிருமியழிப்பு. மற்றதெல்லாம் வேண்டியதைக் காப்பதும் வேண்டாததை மறிப்பதும்.

குழாயிலிருந்து, ஏகார் கூழைச் சரிவாக உறையவிட்ட இன்னொரு குழாயான ஏகார் சாய்வுக்குக் கிருமியை மாற்றும்போதும் அதே கதைதான். லூப்பைப் பென்சில்போலப் பிடித்து, கம்பி முழுதும் சிவக்கும்வரை சுடரில் பிடிக்க வேண்டும். நீல உட்கூம்புக்குச் சற்று மேலேதான் சூடு அதிகம். பிறகு சுடருக்குப் பக்கத்திலேயே பத்துப் பதினைந்து விநாடி ஆறவிடுங்கள். ஊதவும் வீசவும் கூடாது. பஞ்சடைப்பானை அதே கையின் சுண்டுவிரலால் கழற்றி விரலிடுக்கிலேயே வைத்திருக்க வேண்டும், மேசையில் வைத்தால் போச்சு. குழாயின் வாயை ஒரு கணம் சுடரில் காட்டுவதை எல்லாரும் கிருமியைச் சுடுவதாகத்தான் நினைக்கிறார்கள். அந்த ஒரு கணத்தில் பெரிதாக எதுவும் சாகாது. வாயடியில் சூடான காற்று மேலெழும்பும், விழப்போன தூசு உள்ளே விழாது, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் லூப்பைத் திரும்பச் சிவக்கக் காய்ச்சித்தான் கீழே வைக்க வேண்டும். இந்த முறை மற்றவர்களைக் காப்பாற்ற.

மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். திருகோணமலைக் கச்சான் வெக்கையில் இதைச் சொன்னால் பிள்ளைகள் என்னை முறைப்பார்கள். 'கிருமியழிப்பு' என்று படித்தவனுக்கு விசிறியை ஏன் நிறுத்துவது என்று விளங்காது. 'புகாமல் தடுப்பது' என்று படித்தவனுக்குச் சொல்லவே தேவையில்லை.

நீர்புகா, காற்றுப்புகா என்று தமிழ் எப்போதோ அச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அதே அச்சில் 'மாசுபுகா முறை' என்பேன். 'கிருமிபுகா' என்றால் நாமே புகுத்தும் கிருமி உதைக்கும். மாசு என்றதும் சூழல் மாசு நினைவுக்கு வருமே என்று சக ஆசிரியர் ஒருவர் இழுத்தார். வரட்டும். இடத்துக்கு ஒவ்வாமல் வந்து ஒட்டியது எதுவோ அது மாசு. வெள்ளை வேட்டியில் சாம்பார் விழுந்தாலும் மாசுதான்.

அந்தப் பிள்ளையின் சாய்வை மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தோம். லூப் இழுத்த கோட்டில் ஒன்றுமில்லை. கோட்டுக்கு வெளியே, கண்ணாடி ஓரமாக, பஞ்சுபோல ஒரு பூஞ்சணம். கோட்டில் வளர்ந்தால் நாம் வைத்தது, கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் தானாக வந்தது என்று காட்டினேன். சிரித்துவிட்டு, கைநூலில் 'அழிப்பு' என்றிருந்ததை வெட்டி மேலே ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'அசெப்டிக்' என்று தமிழில் எழுதியிருந்தாள். பிழையான தமிழைவிட அதற்கு நான் சரி போடுவேன்.