62 நாளா, 60 நாளா? குறுகிய காலக் கடனில் வட்டி மாறும் இடம்

கடன் ஒப்பந்தத்தில் நம் கண் முதலில் போவது வட்டி விகிதத்துக்குத்தான். நாளை எப்படி எண்ணுவார்கள் என்று சொல்லும் வரி எங்கோ சின்ன எழுத்தில் கிடக்கும். ஓரிரு மாதத்தில் அடைக்கப் போகும் கடன் என்றால் அந்த வரியையும் தேடிப் படித்துவிட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அசல் 1,00,000. வருடத்துக்கு 12 சதவீதம், தனிவட்டி. ஆக, ஒரு வருட வட்டி 12,000. ஜூலை 1 அன்று வாங்கி செப்டம்பர் 1 அன்று அடைக்கிறோம். காலண்டர்படி 62 நாள். எந்த மாதமானாலும் 30 நாள்தான் என்று வைத்துக்கொண்டால் 60.

```
12000 × 60 / 360 = 2000.00
12000 × 62 / 365 = 2038.36
12000 × 62 / 360 = 2066.67
```

முதல் வரி முப்பது நாள் முறை, இரண்டாவது உள்ளபடியான நாள்கணக்கு. இந்த இரண்டும் ஒரு முழு வருடம் ஓடினால் 12,000-இல் வந்து சேர்ந்துவிடும். மூன்றாவது சேராது. நாளை உள்ளபடி எண்ணிவிட்டு, வருடத்தை மட்டும் 360 ஆகச் சுருக்குகிறது. முழு வருடத்துக்கு 12,166.67 வரும்; 12 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் கட்டுவது ஏறக்குறைய 12.17. கடன் வாங்குபவர் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அப்படியானால் முப்பது நாள் முறையே நமக்கு நல்லதா? அது மாதத்தைப் பொறுத்தது. லீப் அல்லாத வருடத்தில் பிப்ரவரி 1 முதல் மார்ச் 1 வரை 28 நாள்தான். உள்ளபடி எண்ணி 365-ஆல் வகுத்தால் வட்டி 920.55. முப்பது நாள் முறையில் 1,000. மாதக் கடைசியில் இன்னும் விசித்திரம். பிப்ரவரி 28-இல் வாங்கி மறுநாள் மார்ச் 1-இல் அடைத்தாலும், எளிய சூத்திரம் அதை 3 நாளாக்கிவிடும்:

```
30 × (3 − 2) + (1 − 28) = 3
```

ஒரு நாள் கடனுக்கு 32.88-க்குப் பதில் 100. பிப்ரவரியின் கடைசி நாளை 30-ஆம் தேதியாகக் கொள்ளும் விதியும் சில ஒப்பந்தங்களில் உண்டு. அது இருந்தால் சரியாக ஒரு நாள்தான் வரும்.

உங்கள் கடனில் எந்த முறை என்று தெரிய, ஸ்டேட்மென்ட்டில் உள்ள வட்டியை ஒரு நாள் வட்டியால் வகுத்துப் பாருங்கள். இங்கே 365-க்கு ஒரு நாள் வட்டி 32.88, 360-க்கு 33.33. எதனால் வகுத்தால் முழு எண்ணுக்கு ஒட்டி வருகிறதோ அதுதான் அவர்கள் எடுத்த வருடம். நம் கடனுக்கு 2,071.23 போட்டிருந்தால்? 32.88-ஆல் வகுக்க 63 வரும். வாங்கிய நாள், அடைத்த நாள் இரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். வழக்கமாக இரண்டில் ஒன்றைத்தான் எண்ணுவார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லாதவரை அந்த ஒரு நாள் வட்டியைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.