விற்றது எவ்வளவு, கேட்டது எவ்வளவு: சீசன் கணக்கில் தொலைந்துபோகும் உச்ச மாதம்

சரக்குத் திட்டமிடல் வேலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “மூணு வருஷத்து மாச விற்பனை கையில இருக்கு, அடுத்த சீசனுக்கு எவ்வளவு ஆர்டர் போடலாம்?” கேட்பவர் பெரும்பாலும் ஒரு எக்செல் கோப்பையும் கூடவே அனுப்பிவிடுவார். அதில் பருவக் குறியீடு கணக்கிட்டு வைத்திருப்பார், கணக்கும் பிழையில்லாமல் இருக்கும். ஆனாலும் அந்த எண்ணை நம்பி ஆர்டர் போட்டால் உச்ச மாதத்தில் சரக்கு தீர்ந்துபோகும். ஏன் என்று ஒரு பொருளை வைத்துப் பார்ப்போம்.

பொருள், மேசை மின்விசிறி. ஏப்ரலில் உச்சம், மே அதற்கு அடுத்து, நவம்பரில் தூக்கம். முதல் ஆண்டில் மொத்தம் 2,400 விற்றன, அதாவது மாதச் சராசரி 200. அந்த ஏப்ரலில் விற்றது 418. இதை 200-ஆல் வகுத்தால் 2.09. இதுதான் ஏப்ரலின் பருவக் குறியீடு: சராசரி மாதத்தைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். மே மாதம் 382, குறியீடு 1.91. இப்படிப் பன்னிரண்டு மாதத்துக்கும் போட்டுக் கூட்டினால் 12 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தட்டச்சுப் பிழை.

இரண்டாம் ஆண்டில் மொத்தம் 2,640, சராசரி 220. ஏப்ரல் 464, குறியீடு 2.11. மே 416, குறியீடு 1.89. வியாபாரம் பத்து சதவீதம் வளர்ந்திருக்கிறது, ஆனால் ஆண்டின் உருவம் அப்படியே இருக்கிறது. பருவக் குறியீட்டை நம்பலாம் என்று சொல்ல வைப்பது இந்த ஒற்றுமைதான்.

மூன்றாம் ஆண்டில்தான் கதை மாறுகிறது. மொத்தம் 2,736, சராசரி 228. ஏப்ரல் வெறும் 300, குறியீடு 1.32. மே 510, குறியீடு 2.24. மூன்று ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஏப்ரலுக்கு 1.84, மே மாதத்துக்கு 2.01. கோப்பைத் திறக்கும் யாரும் சொல்லப்போவது, “பீக் இப்போ மே மாசத்துக்குப் போயிடுச்சு, வெயில் லேட்டா வருது.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வரைபடமும் அதைத்தான் காட்டும்.

கிடங்கின் இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால் வேறொன்று தெரியும். மூன்றாம் ஆண்டு ஏப்ரல் 18 மாலையோடு இருப்பு பூஜ்யம். அடுத்த லோடு வந்தது மே 1. அந்தப் பன்னிரண்டு நாளும் மின்விசிறி கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள், விற்க மின்விசிறி இல்லை. விற்பனைப் பட்டியலில் இந்த நாள்களுக்கு வரியே கிடையாது. வெற்று வரியைக் கணினி ‘யாரும் கேட்கவில்லை’ என்றுதான் படிக்கும்.

குறியீட்டைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது: உச்ச மாதங்களின் நாள்வாரி இறுதி இருப்பை எடுத்து, பூஜ்யம் விழுந்த நாள்களைத் தனியாகக் குறிப்பது. நாள்வாரி இருப்பு கிடைக்காத இடத்தில் இன்னும் இரண்டு தடயங்கள் உண்டு. ஒன்று, அதே நாள்களில் பக்கத்து மாடலின் விற்பனை திடீரென ஏறியிருக்கும். கேட்டது கிடைக்காதவர் இருப்பதை வாங்கிப் போயிருப்பார். (அப்படியானால் அந்த மாடலின் ஏப்ரலும் பொய்யாக வீங்கியிருக்கிறது, அதையும் திருத்த வேண்டும்.) இன்னொன்று, சரக்கு வந்த முதல் வாரத்தில் விற்பனை வழக்கத்துக்கு மாறாகக் குவிந்திருக்கும்.

சரி, இப்போது திருத்துவோம். ஏப்ரலில் சரக்கு இருந்தது 18 நாள், விற்றது 300. நாளுக்கு ஏறக்குறைய 16.7. முப்பது நாளுக்கு 500. இந்த எளிய பெருக்கல், மாதம் முழுக்க ஒரே வேகத்தில் கேட்பு இருந்தது என்று எடுத்துக்கொள்கிறது. அது சரியா என்று முந்தைய இரண்டு ஆண்டுகளின் ஏப்ரலைப் பார்த்துச் சோதிக்கலாம். 18-ஆம் தேதிக்குள் அந்த மாத விற்பனையில் எத்தனை பங்கு முடிந்திருந்தது? இந்தப் பொருளுக்கு 60 சதவீதம், ஆகவே 500 நிற்கும். அதுவே 50 சதவீதமாக இருந்திருந்தால் உண்மையான கேட்பு 600. மாதக் கடைசியில் சூடுபிடிக்கும் பொருள்களுக்கு இந்தச் சோதனையை விடவே கூடாது.

அடுத்து மே. அந்த மாதத்தின் 510-இல் முதல் ஏழு நாளில் மட்டும் 150 போயிருக்கிறது. மீதி 24 நாளில் 360, நாளுக்கு 15. அந்த வேகத்தில் மாதம் முழுவதும் என்றால் 465. ஆக, 45 மின்விசிறிகள் ஏப்ரலிலேயே கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்களுடையவை. அவற்றை மே கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும், ஏப்ரலின் 500-க்குள் அவை ஏற்கெனவே இருக்கின்றன. ஏப்ரலில் கிடைக்காமல் போனது 200, அதில் காத்திருந்து வாங்கியது 45. மீதி 155 பேர் வேறு எங்கோ வாங்கிவிட்டார்கள்.

திருத்திய பிறகு மூன்றாம் ஆண்டின் மொத்தம் 2,891, சராசரி 241. ஏப்ரல் குறியீடு 2.07, மே 1.93. மூன்றாண்டுச் சராசரி ஏப்ரலுக்கு 2.09, மே மாதத்துக்கு 1.91. உச்சம் இடம் மாறவே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, தவறு இரண்டு இடத்தில் ஒரே திசையில் விழுகிறது. திருத்தாத கணக்கில் குறியீடும் குறைவு, ஆண்டு வளர்ச்சியும் குறைவு. சராசரிகள் 200, 220, 228 என்று போனால் அவற்றின் வழியே நேர்க்கோடு வரைந்து நீட்டும்போது நான்காம் ஆண்டுக்கு 244 வரும். அதை 1.84-ஆல் பெருக்கினால் ஏப்ரலுக்கு 449. திருத்திய கணக்கில் 200, 220, 241. நேர்க்கோடு 261 என்கிறது. அதை 2.09-ஆல் பெருக்கினால் 545. வித்தியாசம் 96. திருத்தாத எண்ணை வைத்து ஆர்டர் போட்டவருக்கு நான்காம் ஆண்டு ஏப்ரலிலும் மாதம் முடியுமுன் சரக்கு தீரும், அந்த 449 மறுபடி ‘விற்பனை’ என்று பதிவாகும், ஐந்தாம் ஆண்டுக் குறியீடும் அதைத் தின்று இளைக்கும். நான் பார்த்தவற்றில் நிறைய ‘மந்தமான’ சீசன்கள் இப்படி உருவானவைதான்.

வேகமாக வளரும் பொருளுக்கு ஆண்டுச் சராசரியால் வகுப்பதும் போதாது. வளர்ச்சியால் டிசம்பர் இயல்பாகவே ஜனவரியைவிட உயர்ந்து நிற்கும், அதைப் பருவம் என்று தவறாக எண்ணிவிடுவோம். ஆண்டுக்குப் பத்து சதவீத வளர்ச்சி என்றால் இந்தச் சாய்வு ஆண்டின் இரு முனைகளிலும் நான்கைந்து சதவீதம்தான், பொறுத்துக்கொள்ளலாம். முப்பது நாற்பது சதவீதம் வளரும் பொருளுக்கு மையப்படுத்திய நகரும் சராசரி வேண்டும்: பதின்மூன்று மாதம், இரு முனை மாதங்களுக்கும் பாதி எடை. எக்செலில் இரண்டாம் வரிசை முதல் ஆண்டு ஜனவரி என்றால், எட்டாம் வரிசையில் உள்ள ஜூலைக்கான அடிப்படை எண் இது:

```
=(0.5*B2+SUM(B3:B13)+0.5*B14)/12
```

ஜூலை விற்பனையை இதனால் வகுத்தால் ஜூலையின் விகிதம். ஒவ்வொரு மாதத்துக்கும் கிடைக்கும் விகிதங்களைச் சராசரி எடுத்துக் கூட்டினால் இம்முறையில் சரியாக 12 வராது. 12-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, வரும் எண்ணால் எல்லாவற்றையும் பெருக்கிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஆனால் இந்த முறை சரக்குத் தீர்ந்த மாதத்துக்கு மருந்து என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிலைமை மோசமாகிறது. நகரும் சராசரி, தரவின் இரு முனையிலும் ஆறு ஆறு மாதத்தை இழக்கும். மூன்று ஆண்டுத் தரவில் ஏப்ரலுக்கு மிஞ்சுவது இரண்டாம், மூன்றாம் ஆண்டு விகிதங்கள் மட்டும். இரண்டில் ஒன்று கெட்டது! போதாததற்கு, அந்த ஒற்றை ஏப்ரல், இரண்டாம் ஆண்டு அக்டோபர் முதல் மூன்றாம் ஆண்டு ஜூன் வரை ஒவ்வொரு மாத அடிப்படை எண்ணிலும் கலந்திருக்கும். ஆகவே எந்த முறையாக இருந்தாலும், திருத்தம் முதலில், குறியீடு அப்புறம்.

விற்பனை என்று எழுதியிருப்பது யாருக்கு விற்றது என்பதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மொத்த வியாபாரத்தில் பில் தேதி ஒன்று, கடைசி வாடிக்கையாளர் வாங்கும் தேதி இன்னொன்று. இலக்கை எட்டுவதற்காக மாதக் கடைசியில் சில்லறை வியாபாரிகள் தலையில் சரக்கைக் கட்டிவிடும் பழக்கம் இருந்தால், குறியீடு அளப்பது விற்பனைக் குழுவின் அவசரத்தை. அடுத்த மாதத் திரும்பு சரக்கைக் கழித்துப் பார்த்தால் இது வெளியே வந்துவிடும்.

நான்காம் ஆண்டுக்குச் சொன்ன 261 சரியான பாதையில் போகிறதா என்று ஏப்ரல்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி குறியீடு 0.60, பிப்ரவரி 0.90 என்று வைப்போம். ஜனவரியில் 150 விற்றால் 150-ஐ 0.60-ஆல் வகுக்க 250, பிப்ரவரியில் 243 விற்றால் அதேபோல் 270. இரண்டும் வேறு வேறு திசையில் இழுக்கின்றன. மந்த மாதத்தின் குறியீடு சிறியது என்பதால் ஜனவரியில் பத்து கூடக் குறைய விற்றாலே விடை பதினேழு ஆடிவிடும். தனித்தனியாக வகுக்காமல், 393 விற்பனையை 1.50-ஆல் வகுத்தால் 262. கணித்த 261-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

இதிலும் ஒரு கட்டு இருக்கிறது. உற்பத்தியாளர் சரக்கு அனுப்ப ஆறு வாரம் எடுப்பார் என்றால், ஏப்ரல் முதல் தேதிக்கான ஆர்டர் பிப்ரவரி நடுவிலேயே போயாக வேண்டும். அன்று கையில் இருப்பது ஜனவரி மட்டும், அதுவும் நிறைய ஆடும் மாதம். இந்த நிலையில் நான் சொல்வது, ஏப்ரலின் 545-இல் முதல் பாதியை உறுதி ஆர்டராகப் போட்டு, இரண்டாம் பாதியின் அளவை பிப்ரவரி முடிந்த பிறகு உறுதிசெய்ய உற்பத்தியாளரிடம் பேசி வைத்துக்கொள்வது. மார்ச் 1 அன்று உறுதிசெய்தாலும் ஆறு வாரத்தில் ஏப்ரல் 12 ஆகும், முதல் பாதி தீருவதற்கு மூன்று நாள் முன்பாக லோடு வந்து சேரும். லாரி நாலு நாள் தாமதமானாலும் தாங்கும்படி வேண்டும் என்றால் முதல் பங்கைப் பாதிக்குமேல் கொஞ்சம் கூட்டித்தான் போட வேண்டும்.