எபிசில்: கடிதக் கவிதை

தொலைவில் இருக்கும் ஒருவருக்குக் கடிதமாகவே எழுதப்படும் கவிதையை மேலை இலக்கியத்தில் எபிசில் என்பார்கள். கிரேக்க வேர்ச்சொல்லுக்கு 'ஒருவரிடம் அனுப்புதல்' என்று பொருள். அது லத்தீனில் எபிஸ்துலா ஆயிற்று. ஹோரஸும் ஓவிட்டும் அதைத் தனி வடிவமாக வளர்த்தார்கள். வேர் எழுதுவதைச் சுட்டவில்லை, அனுப்புவதைச் சுட்டுகிறது.

தமிழில் இதற்குச் 'சீட்டுக்கவி', 'ஓலைத்தூக்கு' என்ற பெயர்கள் உண்டு. ஆனால் சீட்டுக்கவி பெரும்பாலும் புலவர் வள்ளலிடம் உதவி கேட்டு விடுப்பது. காதலிக்கு எழுதியதை அப்படி அழைத்தால் ஒட்டாது. 'மடல்' என்றால், காதல் கைகூடாத தலைவன் பனைமடல் குதிரை ஏறும் மடலேறுதல் குறுக்கே வரும். பொதுப்பெயராகக் 'கடிதக் கவிதை' போதும் என்பேன். பழைய மணம் வேண்டுவோருக்குச் சிலப்பதிகாரத்தின் 'முடங்கல்' இருக்கிறது.

அந்தக் காப்பியத்திலேயே மாதவி கோவலனுக்கு இரண்டு முடங்கல் எழுதுகிறாள். முதலாவது வேனிற் காதையில். ஏடு தாழையின் வெண்தோடு, எழுத்தாணி பித்திகை மொட்டு, மை செம்பஞ்சுக் குழம்பு. உள்ளே இருப்பதும் இந்தக் கருவிகளின் உலகம்தான்: இளவேனில் என்னும் இளவரசன், செவ்வியில்லாத திங்கள், பூ அம்பு எய்யும் காமன். பிரிந்தவர் உயிரை அந்த அம்பு கொள்வதில் வியப்பில்லை, இதை அறிக என்று முடிகிறது. 'யான்' என்ற சொல்லே அதில் இல்லை. தோழி வசந்தமாலை கொண்டுபோய்க் கொடுக்க, கோவலன் வாங்க மறுக்கிறான். இவளுக்கு இதுவும் ஆடலின் ஒரு கோலம் என்று அவனுக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, அவன் ஊரைவிட்டே போன பிறகு எழுதியது. கௌசிகன் என்னும் அந்தணன் வழியெல்லாம் தேடி, புறஞ்சேரி இறுத்த காதையில் கையில் சேர்க்கிறான். இப்போது பூவும் இல்லை, நிலவும் இல்லை. 'அடிகள் முன்னர் யான் அடிவீழ்ந்தேன்' என்று தொடங்குகிறாள். பெற்றோருக்குச் செய்யும் பணியை விட்டு, குலமகளோடு இரவில் நீங்கும்படி நான் செய்த பிழை என்ன என்று தெரியாமல் நெஞ்சு செயலற்றுக் கிடக்கிறது, அதைத் தீர்க்க வேண்டும் என்கிறாள். சில அடிகள்தான். அருகில் இருப்பவனிடம் ஊடலாம், குறிப்பாகப் பேசலாம். எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவனுக்கு அனுப்பும் ஓலையில் நேராகச் சொல்லியாக வேண்டும். மண் முத்திரையில் பதிந்த கூந்தலின் நெய் வாசமே அனுப்பியவளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

படித்ததும் பிழை அவளுடையதன்று, தன்னுடையது என்று கோவலன் தெளிகிறான். அடுத்து அவன் செய்வதைத்தான் கவனிக்க வேண்டும். புதிதாக ஓலை எழுதவில்லை. இதன் பொருள் என் தந்தைக்கும் பொருந்துகிறது, அவரிடம் காட்டு என்று அதே முடங்கலைக் கௌசிகனிடம் திருப்பிக் கொடுக்கிறான். அது பொருந்தக் காரணம் எளிது: 'அடிகள்', 'யான்' என்று இருக்கிறதே ஒழிய, உள்ளே யார் பெயரும் இல்லை. கோவலனை நோக்கிய 'அடிகள்' இப்போது தந்தையைக் குறிக்கிறது, 'யான்' மகனாகிறான், பெற்றோர் பணியை விட்ட குற்றத்தை அந்த மகனே ஒப்புக்கொள்கிறான்.