முற்றுரிமையாளர் ஏன் 60-இல் நிற்கிறார்?

ஒரு பொருளை விற்க ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், போட்டி இல்லை. அப்படியென்றால் அவர் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றலாம்தான், ஆனால் ஏற்ற ஏற்ற வாங்குபவர்கள் விலகிப் போவார்கள். விலை அவர் கையில் இருக்கிறது, அந்த விலைக்கு எத்தனை விற்கும் என்பது அவர் கையில் இல்லை. அப்படியானால் அவர் எந்த விலையில் நிற்பார்?

எளிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேவைக் கோடு P = 100 − Q. இதில் P விலை, Q விற்கும் அளவு. அதாவது விலை 100 என்றால் ஒன்றும் விற்காது. விலையை 1 குறைக்கும்போதெல்லாம் ஒரு பொருள் கூடுதலாக விற்கும். ஒவ்வொரு பொருளையும் செய்ய ஆகும் செலவு 20. எத்தனை செய்தாலும் அடுத்ததற்கும் அதே 20தான். இதுவே இறுதிநிலைச் செலவு.

இப்போது அவர் 39 பொருள்களை 61 விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறார். வருவாய் 2379. நாற்பதாவது பொருளையும் விற்க விலையை 60 ஆக்க வேண்டும். புதிதாக வருபவர் 60 தருகிறார், சரி. ஆனால் ஏற்கெனவே 61 தந்துகொண்டிருந்த 39 பேரும் இனி 60தான் தருவார்கள், அங்கே 39 போய்விடுகிறது. ஆக வருவாய் 2400. உண்மையில் கூடியது வெறும் 21. இந்த 21தான் இறுதிநிலை வருவாய். பொருளின் விலை 60, அதை விற்றதால் கைக்கு வந்தது 21. முற்றுரிமையைப் புரிந்துகொள்ள இந்த ஓர் இடைவெளி போதும் என்றே நான் நினைக்கிறேன். போட்டிச் சந்தையில் சிறு விற்பனையாளருக்கு இந்த இழப்பு கிடையாது. அவர் ஒன்று கூடுதலாக விற்பதால் சந்தை விலை அசையாது.

நாற்பதாவது பொருள் 21 தருகிறது, செலவு 20. எனவே விற்கலாம். நாற்பத்தொன்றாவதற்கு விலை 59 ஆகும். வருவாய் 2419, கூடியது 19, செலவோ 20. அது வேண்டாம். ஆகவே அவர் 40-இல் நிற்கிறார். இலாபம் 40 × 40 = 1600. 39 விற்றாலும் 41 விற்றாலும் 1599தான்.

சூத்திரமாகச் சொன்னால், தேவை P = a − bQ என்றால் இறுதிநிலை வருவாய் MR = a − 2bQ. அதே இடத்தில் தொடங்கி, இரண்டு மடங்கு செங்குத்தாக இறங்குகிறது. புதிய பொருளுக்காக விலை ஒரு தடவை இறங்குகிறது, பழைய பொருள்கள் எல்லாவற்றிலும் அதே இறக்கம் இன்னொரு தடவை சேர்கிறது. அதனால்தான் அந்த 2. இதைச் செலவு c-க்குச் சமமாக்கினால் Q = (a − c)/2b. விலை (a + c)/2.

மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இறுதிநிலை வருவாய்க் கோடும் இறுதிநிலைச் செலவுக் கோடும் வெட்டும் புள்ளியில் 20 என்று பார்த்துவிட்டு, அதையே விலை என்று எழுதிவிடுவார்கள். அந்தப் புள்ளி சொல்வது அளவை மட்டும்தான். அங்கிருந்து நேர் மேலே தேவைக் கோடு வரை ஏறிப் போனால்தான் விலை, அதாவது 60, தெரியும்.

செலவுக்கு மேல் அவர் வைப்பது 40. விலையில் அது மூன்றில் இரண்டு பங்கு. பொருளியலாளர் ஆபா லெர்னர் 1934-இல் இந்தப் பங்கையே முற்றுரிமை வலிமையின் அளவாக முன்வைத்தார். விலை ஒரு சதவீதம் ஏறினால் விற்பனை எத்தனை சதவீதம் குறையும் என்பதே தேவை நெகிழ்ச்சி. இலாபம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் லெர்னரின் அளவு இந்த நெகிழ்ச்சியின் தலைகீழ் ஆகும். இங்கே விலை 60-இல் நெகிழ்ச்சி 1.5, அதன் தலைகீழ் 2/3. கணக்கு ஒத்துப்போகிறது. இடத்து வாடகை போல, எத்தனை செய்தாலும் மாறாத செலவு 500 கூடினாலும் விலை 60-ஐ விட்டு நகராது. இலாபம் 1100 ஆகக் குறையும், அவ்வளவுதான்.

ஒரு பொருளுக்கான செலவு கூடினால் கதை வேறு. 20 என்பது 30 ஆனால், அளவு 35, விலை 65. செலவு 10 ஏறியது, விலை 5தான் ஏறியது. மீதி 5 அவருடைய இலாப விளிம்பிலிருந்து போகிறது. நேர்கோட்டுத் தேவையில் எப்போதும் இப்படிப் பாதிதான் வாங்குபவர் தலையில் விழும்.

ஆனால் இந்தப் பாதி, கோடு நேராக இருப்பதால் மட்டுமே வருகிறது. எந்த விலையிலும் நெகிழ்ச்சி 1.5 ஆகவே இருக்கும் ஒரு வளைந்த தேவைக் கோட்டை எடுத்துக்கொண்டால், விலை எப்போதும் செலவின் மூன்று மடங்கு. செலவு 20 என்றால் அங்கேயும் விலை 60, லெர்னர் அளவும் அதே 2/3. நின்று பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. செலவு 30 ஆகட்டும்: இங்கே விலை 65, அங்கே 90.