ஆள்மாறாட்டப் புகார்: சொல்லும் பொருளும்

"என் பேர்ல யாரோ ஃபேக் ஐடி ஆரம்பிச்சிருக்காங்க, எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க." ஃபேஸ்புக்கில் இப்படி ஒரு பதிவைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். நண்பர்களும் நல்ல மனதோடு அடிக்கிறார்கள். ஒருவர் ஸ்பேம் என்று தட்டுகிறார், இன்னொருவர் மோசடி என்று தட்டுகிறார், மூன்றாமவர் கைக்கு வந்த ஏதோ ஒன்றைத் தட்டுகிறார். அப்புறம் "இந்தக் கணக்கு எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் வருகிறது. பணம் கேட்டுக்கொண்டிருக்கும் கணக்கு எப்படி விதியை மீறாமல் இருக்கும் என்று கோபம் வருவது நியாயம்தான். ஆனால் ரிப்போர்ட் என்ற ஒரே பட்டனுக்குள் இரண்டு வேறு வகைப் புகார்கள் இருக்கின்றன. அவற்றில் எது எதற்கு என்பது தெரிந்தால் அந்தப் பதில் ஏன் வந்தது என்பதும் விளங்கும்.

முதலில் ரிப்போர்ட். லத்தீனில் 'திரும்பக் கொண்டுவா' என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்தது. கண்டதைக் கொண்டுவந்து சொல்வது என்ற அளவுக்குத்தான் அதன் பொருள். நாம் இதற்குச் சொல்லும் புகார், கூவி அழைத்தலைக் குறிக்கும் இந்திச் சொல்லான 'புகார்' வழியாக வந்தது. சோழர் துறைமுகமான புகாருக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமை மட்டும்தான். தமிழிலேயே வேண்டும் என்றால் முறையீடு இருக்கிறது. இலங்கையில் முறைப்பாடு என்பதே அன்றாட வழக்கு. முறை என்றால் நீதி. 'எனக்கு முறை செய்' என்று கேட்பதே முறையீடு. இந்த வேறுபாடு நம் விஷயத்துக்கு நேரடியாகப் பயன்படும். யாரும் யாரைப் பற்றியும் ரிப்போர்ட் கொடுக்கலாம். முறையிடுபவர் பாதிக்கப்பட்டவர்.

சாதாரணப் புகார் முதல் வகை. ஒரு பதிவில் ஆபாசம் இருக்கிறது, மிரட்டல் இருக்கிறது, சாதி வெறுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குற்றம் அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கிறது. பரிசீலிப்பவர் அதைத் திறந்து படித்தால் போதும். புகார் கொடுத்தவர் யார் என்று அவர் கேட்க வேண்டியதே இல்லை. ஆயிரம் பேர் புகார் கொடுத்தாலும் ஒருவர் கொடுத்தாலும் பார்க்கப்படுவது அதே பதிவுதான். எண்ணிக்கை கூடினால் கணக்கு தானாக மூடிவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

இரண்டாவது வகைக்கு ஆங்கிலத்தில் இம்பர்சனேஷன் என்று பெயர். அதன் நடுவில் இருப்பது 'பெர்சோனா' என்ற லத்தீன் சொல். ரோம நாடக நடிகர் முகத்தில் அணிந்த முகமூடியும், அவர் ஏற்ற பாத்திரமும் அதன் பழைய பொருள்கள். பிறகு அது ஆளையே குறிக்க வந்தது. ஆங்கிலத்திலும் இந்தச் சொல் தொடக்கத்தில் 'உருக்கொடுத்தல்' என்ற அளவில்தான் இருந்தது. இன்னொருவராகத் தன்னைக் காட்டிக்கொள்வது என்ற பொருள் அதன் பின்னால் வந்தது.

தமிழில் ஆள்மாறாட்டம். மாறு என்பதோடு ஆடு சேர்ந்து மாறாடு, அதிலிருந்து மாறாட்டம். போராடு போராட்டம் ஆனது போலத்தான். நாள், மலர் இரண்டும் புணர்ந்து நாண்மலர் ஆவது போல இதுவும் இலக்கணப்படி ஆண்மாறாட்டம் ஆக வேண்டும். அப்படி எழுதினால் 'ஆண்' என்று படித்துக் குழம்புவார்கள் என்பதால் புணர்க்காமலே எழுதுவதுதான் நல்லது. பத்திரிகைகளிலும் நீதிமன்றச் செய்திகளிலும் அப்படித்தான் நிலைத்திருக்கிறது.

இந்தச் சொல்லை நாம் அதிகம் கேட்டது தேர்வுச் செய்திகளில். 2019-இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளிவந்த நீட் ஆள்மாறாட்ட வழக்கை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி மாறாட்டத்தில் ஒருவர் விலகிக்கொள்கிறார், அவர் இடத்தில் இன்னொருவர் உட்காருகிறார். அசல் ஆளும் அதற்கு உடந்தை. சமூக ஊடகத்தில் நடப்பது வேறு. யாரும் விலகவில்லை; அசலும் நகலும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அசல் ஆளுக்கு விஷயமே தெரியாது. 'மாறாட்டம்' என்ற சொல் இந்த நகலெடுப்பை முழுசாகச் சொல்லவில்லைதான். இருந்தாலும் சட்டத்திலும் மக்கள் வாயிலும் வேரூன்றிய சொல் என்பதால் அதையே வைத்துக்கொள்வது சரி என்பது என் கருத்து. புதிதாக ஒன்றை உருவாக்கினால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும்போது யாருக்கும் புரியாது.

ஆனால் பக்கத்து வீட்டுச் சொற்களோடு இதைக் கலக்கக் கூடாது. போலிக் கணக்கு என்பது பெரிய வட்டம். இல்லாத ஒரு ஆளைக் கற்பனையாக உருவாக்கினாலும் அது போலிக் கணக்குதான். ஆள்மாறாட்டக் கணக்குக்கு இருக்கிற ஒரு ஆள் வேண்டும். இதைவிட அதிகக் குழப்பம் தருவது ஹேக். "என் ஐடியை ஹேக் பண்ணிட்டாங்க" என்று சொல்லிப் பலர் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள். உங்கள் கணக்குக்குள் உங்களால் நுழைய முடிகிறது, நீங்கள் எழுதாத எதுவும் அங்கிருந்து போகவில்லை, இன்னொரு கணக்கு உங்கள் பெயரில் தனியாக ஓடுகிறது என்றால் அது ஹேக் இல்லை. கடவுச்சொல் மாற்றம் அந்த நகலை ஒன்றும் செய்யாது. ஹேக் என்றால் போக வேண்டிய வழியும் வேறு. அது உங்கள் கணக்கை மீட்கும் வழி.

சரி, ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியர். அவருடைய ஃபேஸ்புக் படத்தையும் பெயரையும் ஒருவர் அப்படியே எடுத்துப் புதுக் கணக்கு தொடங்குகிறார். நண்பர் பட்டியல் எல்லோருக்கும் தெரியும்படி திறந்து கிடந்ததால் அதிலிருந்தே பழைய மாணவர்களுக்கு நட்பு அழைப்பு போகிறது. ஏற்றுக்கொண்டவர்களுக்கு மெசஞ்சரில் ஒரு செய்தி: "தம்பி, நலமா? என் நண்பர் சிஆர்பிஎஃப்ல இருக்கார், மாறுதல் வந்துட்டது. வீட்டு ஃபர்னிச்சர், ஃப்ரிட்ஜ் எல்லாம் குறைஞ்ச விலைக்குக் குடுக்கறார். உன் நம்பர் அனுப்பு, அவரே பேசுவார்." கலெக்டர்கள், போலீஸ் அதிகாரிகள் பெயரிலும் இதே கதை சுற்றியிருக்கிறது.

இந்த நகல் கணக்கைத் திறந்து பாருங்கள். ஆசிரியரின் படம், ஒரு கோயில் படம், ஊர்ப் பெயர். அவ்வளவுதான். பணப் பேச்சு முழுவதும் மெசஞ்சருக்குள் நடந்தது, பக்கத்தில் அதன் சுவடே இல்லை. ஸ்பேம் என்றோ மோசடி என்றோ கணக்கின் மேல் புகார் கொடுத்தால், பரிசீலிப்பவர் பார்ப்பது யாரோ ஒரு பெரியவரின் அமைதியான பக்கத்தை. அதில் தவறு இல்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். இங்கே தவறு பக்கத்துக்குள் இல்லை, 'இது யாருடையது' என்பதில் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது நம் ஊரில் சாதாரணம். பெயர் ஒன்று என்பதால் மட்டும் எந்தக் கணக்கையும் நீக்க முடியாது. அந்தப் படத்தில் இருப்பவர் நான், இதை நான் தொடங்கவில்லை என்று அசல் ஆள் சொன்னால்தான் ஒப்பிட்டுப் பார்க்கவே ஒரு பொருள் கிடைக்கிறது.

அதனால்தான் ஆள்மாறாட்டப் புகாரில் கூடுதலாக ஒரு கேள்வி வரும்: யாரைப் போல நடிக்கிறார்கள்? `Me`, `A friend` என்று தேர்வுகள் இருக்கும். ஆசிரியர் தன் அசல் கணக்கிலிருந்து நகலின் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளியைத் தட்டி, வேறொருவர் போல நடிக்கிறார்கள் என்பதைத் தேர்ந்து, `Me` என்று சொல்ல வேண்டும். மாணவர்கள் `A friend` என்பதைத் தொட்டு அவருடைய அசல் கணக்கைக் காட்ட வேண்டும். அப்போதுதான் எது அசல், எது நகல் என்ற இணை பரிசீலிப்பவர் முன் போகிறது. இன்ஸ்டாகிராம் இன்னும் கறார். ஆள்மாறாட்டம் என்றால் பாதிக்கப்பட்டவரோ, குழந்தையின் பெற்றோர் போல அவருக்காகப் பேசும் உரிமை உள்ளவரோ புகார் கொடுத்தால்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இன்ஸ்டாகிராம் கணக்கே இல்லாதவர்களுக்கு உதவிப் பக்கத்தில் ஒரு படிவம் உண்டு. அதில் அடையாள அட்டையின் படம் கேட்பார்கள்.

நடைமுறையில் ஒரு சிக்கல். நகல் எடுப்பவர் முதல் வேலையாக அசல் ஆளை பிளாக் செய்துவிடுகிறார். ஆசிரியர் தன் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது, "அப்படி எதுவும் இல்லையேப்பா" என்பார். பிளாக் ஆனதால் அவர் கணக்கிலிருந்து அந்தப் பக்கம் திறக்காது, அதனால் மாணவர்கள்தான் `A friend` வழியே புகார் கொடுக்க வேண்டும். கையில் ஆதாரம் இருக்க, யாராவது ஒரு மாணவர் அந்தப் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். பெயரை எழுதி அனுப்பினால் போதாது; பெயர் பலருக்கு ஒன்றாக இருக்கலாம், முகவரி ஒரு கணக்குக்கு ஒன்றுதான். ஸ்கிரீன்ஷாட்டிலும் அந்த முகவரி தெரிய வேண்டும். இதையெல்லாம் புகாருக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு நீங்கிய பின் போலீஸ் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

வாட்ஸ்அப்பில் கதை தலைகீழ். அங்கே ஒருவரின் அடையாளம் அவருடைய எண். ஆசிரியரின் படத்தை வைத்து வேறு எண்ணிலிருந்து மாணவர்களுக்குச் செய்தி போனால், அந்த எண்ணோடு ஆசிரியருக்கு எந்த உரையாடலும் இருக்காது. புகார் கொடுக்க வேண்டியவர் செய்தி பெற்ற மாணவர்தான். அவர் தட்டும்போது கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகின்றன. ஆகவே அவர் அந்த உரையாடலை முதலில் அழித்துவிடக் கூடாது.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்குத் தனி இடம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைப் பற்றியது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 319-ஆம் பிரிவு. நடிக்கப்பட்ட ஆள் உண்மையில் இருக்கிறாரா, கற்பனையா என்பது அங்கே முக்கியமில்லை, ஏமாற்றியதே குற்றம். நிறுவனங்களின் விதி வேறு மாதிரி: யாரும் பணம் இழக்காவிட்டாலும் நடித்தது போதும், ஆனால் நடிக்கப்பட்டவர் யார் என்று தெரிய வேண்டும். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் மின்னணு ஆள்மாறாட்டத்தைத் தனியே குறிப்பிட்டு, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வைத்தன; 2026-இல் வந்த திருத்தம் அந்தக் கெடுவை இரண்டு மணி நேரமாகக் குறைத்தது. ஆப்பில் தட்டியும் பலன் இல்லையென்றால், அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு இந்த வார்த்தையைப் போட்டே எழுதலாம். அவர் பதிலும் திருப்தி தரவில்லையென்றால் `gac.gov.in` தளத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பணம் போயிருந்தால் அது இன்னொரு ஆளின் இன்னொரு புகார். இழந்தவர் மாணவர், ஆசிரியர் அல்ல. மாணவர் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைத்துப் பணப் பரிமாற்ற எண்ணைச் சொன்னால், அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் வங்கி நிறுத்திவைக்க வழியுண்டு. ஆசிரியர் `cybercrime.gov.in` தளத்தில் தன் பெயரும் படமும் எடுக்கப்பட்டதைத் தனியாகப் பதிவு செய்யலாம். ஃபேஸ்புக் அந்த நகலை நீக்கிவிட்டது என்பதால் மாணவரின் பணம் திரும்பாது; மாணவர் போலீசில் சொல்லிவிட்டார் என்பதால் நகல் கணக்கும் நீங்காது. இரண்டு பேரும் அவரவர் புகாரை அவரவர்தான் கொடுக்க வேண்டும்.